கோடு போய் நிற்கிற இடம்

என் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் ‘செல் டீச்சர்’ என்று பெயர். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். அதிலும் தாவர செல் பாடம் என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விஷயம் தெரியாத ஒரு ஆள், அந்தப் பெயரை நம்பி, உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அண்ணி அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நம்ம செல்லு வேறங்க. அதுக்கு வெயில்தான் சார்ஜர்” என்றாள். வந்தவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். அவளும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அடுப்பே தேவையில்லை, பற்றிக்கொள்ளும் என்பார்கள். எங்களுக்குள்ளும் பற்றிக்கொண்டதுதான். நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, கால்சட்டை குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது என்று வேலை பார்க்கிறவள். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். எனக்கு வாய் அதிகம். அண்ணி எனக்கு வைத்த பெயர் ‘வாயாடி’. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் நான் வாயால் பேசுவேன், அவள் கணக்கோடு பேசுவாள். அந்த வித்தியாசம் எங்கள் சண்டை எல்லாவற்றிலும் தெரியும்.

அவளிடம் மாணவர்கள் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. படம் வரைந்து பாகம் குறித்தால், பெயரிலிருந்து போகிற கோடு அந்தப் பாகத்தைத் தொட்டே ஆக வேண்டும். அந்தரத்தில் நின்றால் அரை மார்க் போச்சு. பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் அரை மார்க் போச்சு. “கோடு எங்க போய் நிக்குதோ, அதுதான் உன் பதில்” என்பாள். ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். “அரை மார்க்ல என்னங்க இருக்கு?” என்று கேட்டார். “உங்க வீட்டுக்கு வழி கேட்டு, நான் தெருமுனையோட விட்டுட்டா வந்து சேருவீங்களா?” என்று கேட்டு அனுப்பினாள். கல் நெஞ்சுக்காரி என்று நானே திட்டியிருக்கிறேன்.

பாடம் நடத்துவதற்கும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வரைபடத்தாளைச் சுவரில் மாட்டி, அதிலுள்ள பெயர்கள் மேலெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடுவாள். பிள்ளைகள் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு படியாகப் போவாள். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று சொல்வாள், பெயரைச் சொல்வாள். கேட்டுத்தான் எழுத வேண்டும். கடைசியில் தாளை உரித்துக் காட்டுவாள், அவரவர் சரி பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே வரிசை, இதே வார்த்தை. வருஷா வருஷம் கேட்டுக் கேட்டுத் தெருவில் போகும் காய்காரிக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கும் என்று கேலி செய்வேன்.

ஒரு நாள் காலையில் சமையலறையில் நின்றுகொண்டு, “அந்த ஜன்னலை எடு” என்றாள். கை டம்ளரைக் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. “ஜன்னலைப் பேத்துட்டா அண்ணன் சும்மா விடுவாரா?” என்றேன். அவள் மறுபடியும் “ஜன்னல்” என்றாள். முகத்தில் கோபம். அப்புறம் வலது கை தொங்கிப்போனது.

மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்கட்டு என்றார்கள். பேச்சு குடியிருக்கிற பக்கம் அதுதானாம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்: “அவங்களுக்கு எதுவும் மறந்துபோகல. பொருள் தெரியும், அதோட வேலை தெரியும். பேர் மட்டும் வாய்க்கு வர்ற வழியில தடுக்கி விழுது. ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையா வரும். சில சமயம் தப்பா வந்தது அவங்களுக்கே தெரியாது.” கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். எங்கள் வீட்டில் அது நோயாகவே வந்து உட்கார்ந்தது.

என் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். “உயிரோட இருக்கா, அது போதும்” என்றார். எனக்கு அது போதவில்லை. அண்ணிக்குச் சுத்தமாகப் போதவில்லை.

தலைமை ஆசிரியை பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி, ஆனால் பொறுப்பில் இருப்பவர். “டீச்சர், அவசரமே இல்ல. அடுத்த பருவம் ஆரம்பிச்சதும் ஒரே ஒரு பாடம் எடுங்க. நான் கூட உக்காந்திருக்கேன். முடிஞ்சா தொடருங்க. முடியலன்னா... ஓய்வு வாங்கிக்கலாம்” என்றார். அண்ணன் தலையாட்டினார். “வீட்லயே இருக்கட்டுங்க” என்றார். அண்ணி இடது கையால் மேஜையை அடித்தாள். பழம் உருண்டு தரையில் ஓடியது.

“போ... வேன்” என்றாள்.

என்ன பாடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

அவளுடைய பாடப்புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தேன். அண்ணி இடப்பக்கம் உள்ள பெயர்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். வலப்பக்கம் விரல் போகவே இல்லை. அந்தப் பாதியை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொள்வதும், வலப்பக்கம் வைத்த காப்பியைக் காணாமல் தேடுவதும் அப்புறம்தான் சேர்த்துப் புரிந்தது. கேட்டபோது டாக்டர் ஒப்புக்கொண்டார். இரண்டு கண்ணிலுமே வலப்பக்கப் பார்வை போயிருக்கிறது, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும் என்றார். எழுத்தும் பொடியாக இருந்ததால் படத்தை என் போனில் போட்டோ எடுத்தேன். பெரிதாக்கலாம். விரலால் இழுத்தால் வலப்பக்கம் இருப்பது இடப்பக்கம் வந்துவிடும்.

எடுத்த போட்டோவில் புத்தகத்தைப் பிடித்திருந்த என் கட்டைவிரலும் ஓரத்தில் விழுந்திருந்தது. அண்ணி அதன் மேல் தட்டித் தட்டிக் காட்டினாள். “இது... என்ன... பாகம்?” என்றாள். “அது வாயாடி, அண்ணி” என்றேன். அவள் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போனில் படத்தின் மேல் வெள்ளைக் கோடு தீற்றுகிற வசதி இருக்கிறது. பெயர்களையெல்லாம் அதில் மறைத்துவிட்டேன். அவள் முறைப்படியேதான் செய்வாள் என்று எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஷினை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவேன். நான் மாணவி. படிப்பு எனக்கு என்றைக்கும் ஏறியதில்லை. ஏறாத மாணவிதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நடுவில் ஏதாவது ஒரு பாகத்தைக் காட்டி “இது என்ன அண்ணி?” என்றால் வாயே திறக்காது. கண்ணில் நீர் வந்துவிடும். ஆனால் முதல் படியிலிருந்து ஆரம்பித்துவிட்டால், பழைய வரிசை அவளைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஒன்று வந்தால் அடுத்தது வரும். பயிற்சி அம்மா அதைக் கேட்டுவிட்டு, “அந்த வரிசையை விடாதீங்க. பேரை நீங்க சொல்லாதீங்க. நின்னுட்டா முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்க” என்றார்.

அண்ணியின் விரல் படத்தின் வெளி விளிம்பில் போய் நிற்கும். “செல்... சுவர். கெட்டி. உருவம்... குடுக்கும். இது... விலங்குக்கு... இல்ல.” அடுத்து, சுவரை ஒட்டி உட்பக்கமாக ஓடும் மெல்லிய கோடு. அதன் பெயர் செல் சவ்வு. அங்கே தடுக்கி விழுவாள். அதைத் தாண்டிவிட்டால் போதும். கூழ் மாதிரி நிரம்பியிருக்கிற சைட்டோபிளாசம் வரும். பச்சையாக முட்டை வடிவத்தில் பசுங்கணிகம் வரும், வெளிச்சத்தை வைத்து உணவு செய்வது அதுதான் என்பாள். சக்தி எடுத்துக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா வரும். அவ்வளவு நீளப் பெயர் தடங்கல் இல்லாமல் வரும், ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு நாள் என் சாமர்த்தியத்தைக் காட்டலாம் என்று, நடுவில் இருக்கிற பெரிய வெற்றிடத்தைத் தொட்டு, “பெருசா நடுவுல இருக்கு. இதுதானே எஜமான்? உட்கரு?” என்றேன். அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஓரமாக ஒதுங்கிக் கிடந்த உருண்டையைக் காட்டினாள். “இது... உட்கரு.” பெரியதைத் தொட்டாள். “நுண்... குமிழ்.”

“நுண் குமிழா? இவ்ளோ பெருசுக்கு இந்தப் பேரா? குண்டனைப் பிடிச்சு ஒல்லின்னு கூப்பிட்ட கதையால்ல இருக்கு.”

அவள் உடம்பு குலுங்கிச் சிரித்தாள். வருஷா வருஷம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் அதுவாம். விலங்கு செல்லில் அது சின்னது, தாவரத்தில்தான் இப்படி ஊதியிருக்கிறது, உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று திக்கித் திணறிச் சொன்னாள். “தண்ணி... நிறைஞ்சா... நிமிரும். போச்சுன்னா... செடி... வாடும்.” சொல்லிவிட்டுத் தொங்கிக் கிடந்த தன் வலது கையைப் பார்த்தாள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

எல்லாம் ஒரு வழிக்கு வந்தது, அந்த இரண்டாவது படியைத் தவிர. செல் சவ்வு என்பது அவள் வாயில் செல் சாவு என்று வந்தது. சில நாள் சரியாக வரும். பெரும்பாலும் வராது. நான் ‘ச’ என்று எடுத்துக் கொடுத்தால் அந்த ‘ச’ நீண்டு சாவில் போய்த்தான் விழும். உதட்டைக் குவித்துக் காட்டினேன். தொடையில் தாளம் போட்டு, ‘சவ்’ ஒரு தட்டு, ‘வு’ ஒரு தட்டு என்று பழக்கினேன். தட்டினால் பாதி நேரம் வந்தது. தப்பாக வந்தது அவளுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை. நான் முகத்தைச் சுளித்தால்தான் தெரியும். வீட்டில் காலையும் மாலையும் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார்.

“அண்ணி, அதுக்கு இன்னொரு பேர் இருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க. பிளாஸ்மா படலம். அதை வச்சுக்கலாமே. அது அழகா வருது உங்களுக்கு” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். புத்தகத்தில் அந்தக் கோட்டின் நுனியில் இருந்த பெயரைத் தொட்டாள். “பரீட்சை... இது. பிள்ளைங்க... இதான்... எழுதணும்.”

“அப்போ பேர் மேல தாள் ஒட்டாதீங்க. படத்தைப் பார்த்துப் படிச்சிடுங்க. யாரு கேக்கப் போறா?”

அவள் பார்த்த பார்வை போதும், நான் வாயை மூடிக்கொண்டேன். வறட்டுப் பிடிவாதம் என்று அன்று மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

பாடம் எடுக்கிற நாள் வந்தது. துணைக்கு என்று என்னைக் கடைசிப் பெஞ்சில் உட்கார விட்டார்கள். தலைமை ஆசிரியை பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். அண்ணி வரைபடத்தாளின் வலப்பக்க ஓரத்தில் போய் நின்றாள். அங்கிருந்து படத்தைப் பார்த்துத் திரும்பினால் அது முழுதும் அவள் பார்வைக்கு இடப்பக்கமாக விழும். வீட்டில் நாங்கள் வரைபடத்தாளுக்குப் பதிலாகக் கதவில் துணியை மாட்டிப் பழகிய இடம் அது. பெயர்கள் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியது நான். கோணல் இல்லாமல் ஒட்டவைத்தது அவள்.

பிள்ளைகள் பேசவே இல்லை. சிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் அதற்கு ஒரு கேலி இருக்கும்.

“செல்... சுவர்” என்றாள். வந்தது. வேலையைச் சொன்னாள். விரல் உட்கோட்டுக்குப் போனது. நான் பெஞ்சுக்குக் கீழே தொடையில் தட்டினேன், ஒன்று, இரண்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத்தான் பார்த்தாள்.

“செல் சாவு” என்றாள். தெளிவாக, பழைய குரலில். “உள்ள... எது வரணும், எது... வெளிய போகணும்... அதுதான்... பார்த்து விடும்.”

யாரும் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியை கீழே பார்த்தார். பிள்ளைகளின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணிக்கு எதுவும் தெரியவில்லை. வரிசை அவளை இழுத்துக்கொண்டு போனது. சைட்டோபிளாசம், பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, உட்கரு, நுண்குமிழ் எல்லாம் ஒன்று விடாமல் வந்தது. நுண்குமிழில் நின்று, “பேர்... சின்னது. ஆளு... பெருசு” என்றாள். அப்போது ஒரு பையன் தன்னை மறந்து சிரித்தான். அண்ணியின் முகம் அப்படி மலர்ந்தது.

முடித்ததும் தலைமை ஆசிரியை எழுந்து கைதட்டினார். கண் கலங்கியிருந்தது. “வந்துடுங்க டீச்சர். ஒரு சொல் அப்படி இப்படி போனா என்ன, நாங்க பாத்துக்கறோம்” என்றார். நான் சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். எந்தச் சொல் என்று அண்ணி கேட்கவில்லை. பாதிதான் காதில் விழுந்திருக்கும். வழக்கப்படி வரைபடத்தாளில் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக இடது கையால் உரித்தாள். வழக்கப்படியே பெஞ்சுகளுக்கு நடுவில் படம் பார்க்கப் போனாள். அவள் போகாமல் இருந்திருக்கலாம். மணி அடித்திருக்கலாம்.

ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை. அவள் படம் எனக்கே தெரிந்தது, அச்சடித்த மாதிரி இருந்தது. அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள், ஒவ்வொன்றும் போய்த் தொட வேண்டிய இடத்தைத் தொட்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். உட்கோட்டின் நுனியில், குண்டு குண்டான எழுத்தில், ‘செல் சாவு’.

அண்ணி வரைபடத்தாளைப் பார்த்தாள். திரும்பப் பிள்ளையின் தாளைப் பார்த்தாள். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

பிள்ளை பயந்துபோனாள். “நீங்க அப்படித்தான் சொன்னீங்க டீச்சர்” என்றாள்.

அண்ணி அடுத்த பெஞ்சுக்குப் போனாள். அங்கேயும் அதேதான். இன்னொருவன் இரண்டு வார்த்தையும் எழுதி ஒன்றை அடித்திருந்தான். அடித்தது சரியான வார்த்தையை. அதற்கப்புறம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சொன்... னேனா?” என்றாள். வாயாடி என்று பெயர் வாங்கினவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

“அதுக்கென்ன டீச்சர், நான் போர்டுல எழுதிடறேன்” என்று தலைமை ஆசிரியை முன்னால் வந்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். சாக்பீஸை இடது கையில் எடுத்து, கரும்பலகையில் ‘செல் சவ்வு’ என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு ஓடியது, ஆனால் ஒரு புள்ளி பிசகவில்லை. பிள்ளைகள் எல்லாரும் அடித்துத் திருத்தினார்கள். பிறகு அந்தப் பெண்பிள்ளையின் தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் முழு மார்க் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வந்து சாக்பீஸைத் தலைமை ஆசிரியையின் உள்ளங்கையில் வைத்தாள். விரலைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, “அரை... மார்க்” என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் ஆட்டோவில் அழுதேன், திட்டினேன், அரை மார்க்குக்காக ஒரு வாழ்க்கையையா தூக்கிப் போடுவார்கள் என்று கேட்டேன். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் உட்கார்ந்திருந்தது அவளுக்கு வலப்பக்கம். அழுததை அவள் பார்த்திருக்கவும் மாட்டாள்.

இப்போது அந்தப் பாடத்தை வேறு யாரோ எடுக்கிறார்கள். அண்ணி முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் பிரித்துக் கொடுக்கிற பழைய தையல்களின் நூலை இடது கையால் பிடுங்கிப் போடுகிறாள். படம் இன்னும் என் போனில் இருக்கிறது, கட்டைவிரலோடு. சில நாள் மதியம் அவளே கையை நீட்டிப் போனைக் கேட்பாள். பெரிதாக்கி, வெளி விளிம்பில் விரலை வைத்து, “செல்... சுவர்” என்பாள். விரல் உள்ளே நகர்ந்து அடுத்த கோட்டுக்கு வரும். அங்கே நின்றுவிடும். முதல் எழுத்தை நான் எடுத்துக் கொடுப்பதில்லை, கொடுக்கக் கூடாது என்று கையைக் காட்டிவிட்டாள். திரை தானாக அணைந்துபோகும். அவள் போனை மிஷின் மேல் வைத்துவிட்டு நூல் பிடுங்கப் போய்விடுவாள்.